நட்சத்திரமும் நாணயக் குற்றியும்: நாம் உண்மையில் எதைப் பார்க்கிறோம்?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

பிறை பார்க்கும் காலங்களில் எமது பெரியவர்கள் சொல்லும் ஒரு சம்பவம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நபித்தோழர் அனஸ் இப்னு மாலிக் (ரழி) அவர்கள் நூறு வயதை நெருங்கிய காலம். மக்கள் பிறை பார்க்க நிற்கிறார்கள். யாருக்கும் தென்படவில்லை. அனஸ் (ரழி) மட்டும், “அதோ தெரிகிறது” என்று கைகாட்டுகிறார்கள். பக்கத்தில் நின்றவர் இயாஸ் இப்னு முஆவியா. பின்னாளில் பஸராவின் காதியாக இருந்து கூர்மையான தீர்ப்புகளுக்குப் பேர்போனவர். அவர் அனஸ் (ரழி) அவர்களின் முகத்தை உற்றுப் பார்க்கிறார். புருவத்திலிருந்து ஒரு நரைமுடி வளைந்து கண்ணுக்கு முன்னால் தொங்குகிறது. அதை மரியாதையாக ஒதுக்கிவிட்டு, “இப்போது பாருங்கள், பிறை எங்கே?” என்று கேட்கிறார். “இப்போது காணவில்லை” என்று பதில் வருகிறது. வரலாற்று நூல்களில் இயாஸின் புத்திக்கூர்மைக்கு எடுத்துக்காட்டாக வரும் செய்தி இது.

இதை வகுப்பில் சொன்னபோது தரம் 10 மாணவன் ஒருவன் கேட்டான்: “சேர், அப்ப அவங்க பார்த்தது என்ன? பிறை அங்க இல்லையே. ஆனா எதையோ பார்த்தாங்கதானே?”

மெய்யியல் வரலாற்றின் மிக நீண்ட வாதங்களில் ஒன்று இந்தக் கேள்விக்குள் இருக்கிறது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. இதற்கு இரண்டு விடைகள் சாத்தியம். “அவர்கள் பார்த்தது ஒரு முடியை, அது பிறை போலத் தெரிந்தது” என்பது ஒன்று. “அவர்கள் மனதுக்கு முன்னால் பிறை வடிவான ஏதோ ஒன்று உண்மையிலேயே இருந்தது, அதைத்தான் பார்த்தார்கள்” என்பது மற்றது. இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். ஆனால் இரண்டாவதை ஏற்றுக்கொண்டால், நாம் யாருமே எந்நாளும் நிலவையோ மரத்தையோ பிள்ளையின் முகத்தையோ நேரடியாகப் பார்த்ததில்லை என்ற இடத்தில் போய் நிற்க வேண்டி வரும். அது எப்படி என்பதை ஒரேயொரு உதாரணத்தின் வழியாகச் சொல்லப் பார்க்கிறேன். நட்சத்திரமும் நாணயமும் என்ற உதாரணம் அது. பக்தாதில் கற்பித்த ஓர் அறிஞரின் நூலிலும், எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து ஒக்ஸ்போர்ட்டில் கற்ற ஒருவரின் நூலிலும் அது வருகிறது.

முதலில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). 1091இல் பக்தாத் நிழாமிய்யாவில் பேராசிரியரானார்கள். 1095இல் அந்தப் பதவியை விட்டு வெளியேறினார்கள். வாழ்வின் பிற்பகுதியில் எழுதிய “அல்முன்கித் மினழ் ழலால்” என்ற சிறிய நூலில், தமக்கு ஏற்பட்ட ஐயத்தின் கதையைச் சொல்கிறார்கள். சந்தேகமே புகமுடியாத அறிவு எது என்று தேடத் தொடங்கி, கண்ணால் காண்பதாவது உறுதியானதா என்று பார்க்கிறார்கள். இரண்டு உதாரணங்கள் அவர்களைத் தடுக்கின்றன. ஒன்று நிழல். கண் அதைப் பார்த்து, அசையாமல் நிற்கிறது என்கிறது. ஒரு மணிநேரம் கழித்துப் பார்த்தால், அது சிறிது சிறிதாக ஓயாமல் நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. மற்றது நட்சத்திரம். கண்ணுக்கு அது ஒரு தீனார் காசு அளவுதான். ஆனால் கணித ஆதாரங்களோ அது பூமியைவிடப் பெரியது என்று காட்டுகின்றன.

கஸ்ஸாலி இதிலிருந்து எடுத்த முடிவைக் கவனியுங்கள். புலன் ஒரு தீர்ப்புச் சொன்னது. அறிவு வந்து அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்தது. ஆகவே புலனின் தீர்ப்பை மட்டும் வைத்து உறுதி கொள்ள முடியாது. அப்படியென்றால் அறிவின் தீர்ப்பையும் ரத்துச் செய்யும் இன்னொரு நீதிபதி இருந்தால்? கனவில் இருப்பவன் கனவை நம்புகிறானே? இந்த நிலையில் ஏறத்தாழ இரண்டு மாதம் இருந்ததாகவும், அல்லாஹ் உள்ளத்தில் இட்ட ஓர் ஒளியால்தான் மீண்டதாகவும் அவர்கள் எழுதுகிறார்கள். அவர்களுடைய கேள்வி நம்பிக்கை பற்றியது: இந்தச் சாட்சியை நம்பலாமா? சாட்சி பார்த்தது நட்சத்திரத்தையா, வேறொரு பொருளையா என்று அவர்கள் கேட்கவில்லை. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கஸ்ஸாலிக்கு முன்பே, அதே நூற்றாண்டின் தொடக்கத்தில், இப்னுல் ஹைதம் “கிதாபுல் மனாழிர்” என்ற ஒளியியல் நூலை எழுதிவிட்டார். அதன் மூன்றாம் பாகம் முழுவதும் பார்வை ஏன் தவறுகிறது என்பதைப் பற்றியது. அவர் ஒரு பொறியியலாளர் யந்திரத்தைப் பார்ப்பதுபோலப் பார்வையைப் பார்த்தார். சரியாகப் பார்க்கச் சில நிபந்தனைகள் வேண்டும்: பொருத்தமான தூரம், போதிய வெளிச்சம், போதிய நேரம், இடையில் தெளிந்த காற்று, நல்ல கண். இதில் ஏதாவது அளவு மீறினால் தவறு வரும். மேலும், பார்வை என்பது வெறும் ஒளியும் நிறமும் கண்ணில் படுவது மட்டுமல்ல. அறிந்துகொள்வதும் ஊகிப்பதும் அதற்குள் கலந்திருக்கின்றன. ஒரு பொருளின் பருமனை அது கண்ணில் உண்டாக்கும் கோணத்தை மட்டும் வைத்து அறிய முடியாது; தூரத்தையும் சேர்த்தே மதிப்பிடுகிறோம். தூரம் கைக்கு எட்டாத இடத்தில் மதிப்பீடும் தவறும். அவருடைய விளக்கத்தில், தவறு பெரும்பாலும் இந்த மதிப்பீட்டில்தான் நடக்கிறது.

இனி ஐரோப்பாவுக்குப் போவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஜீ. ஈ. மூர், பேர்ட்ரண்ட் ரசல் ஆகிய இருவரும் “புலன் தரவு” என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1912இல் வெளிவந்த மெய்யியல் பிரச்சினைகள் பற்றிய சிறு நூலில் ரசல் தனது மேசையைப் பார்க்கிறார். நிற்கும் இடத்தையும் வெளிச்சத்தையும் பொறுத்து அதன் நிறம் மாறுகிறது, வடிவம் மாறுகிறது. ஆனால் மேசை மாறவில்லை. ஆகவே நமக்கு நேரடியாகக் கிடைப்பது மேசையல்ல, நிறமும் வடிவமும் கொண்ட சில தரவுகள். மேசை என்பது அந்தத் தரவுகளுக்குப் பின்னால் இருப்பதாக நாம் ஊகித்துக்கொள்ளும் ஒன்று.

இதற்கு எதிரான நிலைப்பாட்டைப் பாமர யதார்த்தவாதம் என்கிறார்கள். படிக்காதவர்களின் கொள்கை என்று பொருள் அல்ல. சந்தையில் மீன் வாங்கும் எல்லோரும் இயல்பாகவே வைத்திருக்கும் நம்பிக்கை அது: என் கண்ணுக்கு முன்னால் இருப்பது மீன், நான் பார்ப்பது அந்த மீனைத்தான், நடுவில் வேறொன்றும் இல்லை.

1940இல் ஏ. ஜே. ஏயர் என்ற ஒக்ஸ்போர்ட் மெய்யியலாளர் அனுபவ அறிவின் அடிப்படைகள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. அந்த நூல் போலித்தோற்ற வாதத்தோடுதான் தொடங்குகிறது. அந்த வாதத்தை நான்கு படிகளாகப் பிரித்தால் இப்படி வரும்.

முதலாவது: சில வேளைகளில் பொருட்கள் தாம் இருப்பதற்கு மாறாகத் தெரிகின்றன. தண்ணீரில் பாதி அமிழ்ந்த நேரான தடி வளைந்து தெரிகிறது. இதில் சண்டையே இல்லை. ஒளிமுறிவு பாடத்தில் எல்லாப் பிள்ளைகளும் பார்க்கிறார்கள்.

இரண்டாவது: ஒன்று வளைந்து தெரிகிறதென்றால், அங்கே உண்மையிலேயே வளைந்த ஏதோ ஒன்று எனக்குக் கிடைக்கிறது.

மூன்றாவது: தடி வளையவில்லை. ஆகவே எனக்குக் கிடைத்தது தடியல்ல, வேறொன்று. அதற்குப் பெயர் புலன் தரவு.

நான்காவது: ஏமாறும்போது கிடைக்கும் அனுபவத்துக்கும் சரியாகப் பார்க்கும்போது கிடைக்கும் அனுபவத்துக்கும் உள்ளுக்குள் வித்தியாசம் தெரிவதில்லை. தடியை மெல்ல மெல்லத் தண்ணீரிலிருந்து எடுத்தால் ஒன்று மற்றதாக இடைவெளியின்றி மாறுகிறது. ஆகவே சரியாகப் பார்க்கும்போதும் நமக்குக் கிடைப்பது புலன் தரவுதான்.

நான்காம் படியை ஏறியதும் கதவு சாத்தப்படுகிறது. என் புலன் தரவு எனக்கு மட்டும் உரியது, உங்களுடையது உங்களுக்கு. நீங்களும் நானும் முற்றத்தில் நின்று ஒரே நிலவைப் பார்க்கிறோம் என்று இனிச் சொல்ல முடியாது. இரண்டு சாட்சிகள் ஒரே பிறையைக் கண்டதாகச் சொன்னால், கண்டிப்பாகப் பேசினால், ஒவ்வொருவரும் தம்முடைய தனித் திரையில் ஒன்றைக் கண்டார்கள் என்றுதான் ஆகும்.

ஏயர் இங்கே ஒரு சாமர்த்தியமான மாற்றம் செய்தார். இந்த வாதம் உலகத்தைப் பற்றிய ஓர் உண்மையை நிறுவுகிறது என்று அவர் சொல்லவில்லை. “பார்க்கிறேன்” என்ற சொல்லை நாம் இரண்டு கருத்தில் பாவிக்கிறோம், மெய்யியலுக்கு வசதியான ஒரு மொழியை நான் சிபாரிசு செய்கிறேன், அவ்வளவுதான் என்றார். இரண்டு கருத்து இருப்பதைக் காட்ட அவர் எடுத்த உதாரணம் எது தெரியுமா? தூரத்து நட்சத்திரம். அது பூமியைவிட எவ்வளவோ பெரியது என்றும் நான் சொல்வேன். நான் காண்பது ஆறு பென்ஸ் குற்றியைவிடப் பெரிதல்லாத ஒரு வெள்ளிப் புள்ளி என்றும் சொல்வேன். இரண்டும் உண்மை. ஒரே பொருள் பூமியைவிடப் பெரிதாகவும் காசைவிடச் சிறிதாகவும் இருக்க முடியாது. ஆகவே “காண்பது” என்ற சொல்லுக்கே இரண்டு கருத்து இருக்க வேண்டும்.

தீனார் போய் ஆறு பென்ஸ் வந்திருக்கிறது. உதாரணம் அதேதான். ஆனால் கேள்வி மாறிவிட்டது. கஸ்ஸாலி கேட்டது “கண்ணின் தீர்ப்பை நம்பலாமா” என்று. ஏயர் கேட்டது “கண்ட பொருள் எது” என்று. ஏயர் கஸ்ஸாலியிடமிருந்து எடுத்தார் என்று நான் சொல்லவில்லை. வானத்தைப் பார்க்கும் எவருக்கும் தோன்றக்கூடிய உதாரணம்தான் இது.

இந்த வாதத்தின் உயிர் எங்கே இருக்கிறது? இரண்டாம் படியில். மற்ற மூன்றும் அதன் தோளில் நிற்கின்றன. அதை யாராவது நியாயப்படுத்தினார்களா என்றால், ஆம், சி. டி. புரோட் 1923இல் முயன்றார். அவர் எடுத்ததும் ஒரு நாணயத்தைத்தான்! ஒரு பென்னியைச் சாய்த்துப் பிடித்தால் நீள்வட்டமாகத் தெரிகிறது. என் மனதுக்கு முன் நீள்வட்டமான ஒன்றுமே இல்லையென்றால், அது ஏன் சதுரமாகவோ முக்கோணமாகவோ தெரியாமல் நீள்வட்டமாகவே தெரிய வேண்டும் என்று அவர் கேட்டார். நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் புலன் தரவைத் தள்ளிவிட முடியாது.

இதை வகுப்பில் நாங்கள் சோதித்துப் பார்த்தோம். நிலவு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று பிள்ளைகளிடம் கேட்டேன். ஒருவன் ஐந்து ரூபாய்க் குற்றி அளவு என்றான். இன்னொருவன் ரொட்டி அளவு என்றான். பின் வரிசையில் இருந்த ஒருவன் சஹன் அளவு என்றதும் வகுப்பே சிரித்தது. ஆனால் மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. இப்போது புலன் தரவுக் கொள்கையைக் கேட்போம்: நிலவின் புலன் தரவு உண்மையில் எத்தனை சென்ரிமீற்றர் அகலம்?

அன்றிரவு வீட்டில் செய்து பார்க்கச் சொன்னேன். நீங்களும் செய்யலாம். சுமார் 2 சென்ரிமீற்றர் அகலமான ஒரு குற்றியைக் கையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி நிலவின் மேல் வையுங்கள். நிலவு முழுதாக மறைந்துவிடும். சுற்றிலும் குற்றி மிஞ்சும். நிலவைச் சரியாக, மிச்சமில்லாமல் மறைக்க வேண்டுமென்றால் குற்றியைச் சுமார் 2.2 மீற்றர் தூரத்தில் வைக்க வேண்டும். ஒருவர் ஏணியில் ஏறிப் பிடிக்க, இன்னொருவர் பார்க்க வேண்டியிருக்கும். அப்படியானால் நிலவு “காசு அளவு” என்பது, காசு எங்கே இருக்கிறது என்று சொல்லாதவரை அளவே அல்ல. ரொட்டியைத் தள்ளி வைத்தால் நிலவு ரொட்டி அளவு. சஹனை இன்னும் தள்ளி வைத்தால் சஹன் அளவு.

நட்சத்திரத்துக்கு இந்தக் கணக்கு இன்னும் வேடிக்கையானது. இரவு வானில் மிகப் பிரகாசமான நட்சத்திரம் சிரியஸ். குர்ஆனில் சூரா அந்நஜ்மில் “அஷ்ஷிஃரா” என்று வருவது அதுதான். அதன் விட்டம் பூமியின் விட்டத்தைப்போல் சுமார் 190 மடங்கு. தூரம் 8.6 ஒளியாண்டுகள். அது கண்ணில் உண்டாக்கும் கோணத்தை அதே குற்றியைக் கொண்டு உண்டாக்க வேண்டுமென்றால், குற்றியைச் சுமார் 680 கிலோமீற்றருக்கு அப்பால் வைக்க வேண்டும். எமது நாட்டின் நீளமே ஏறத்தாழ 430 கிலோமீற்றர்தான். நாம் காணும் அந்தச் சிறு பொட்டு நட்சத்திரத்தின் வட்டத்தட்டே அல்ல. கண்ணின் வில்லையும் விழித்திரையும் ஒரு புள்ளி ஒளியைக் கொஞ்சம் பரப்பிக் காட்டுவதால் வரும் பொட்டு அது.

இப்போது ஏயரின் வாக்கியத்துக்குத் திரும்பி வாருங்கள். “ஆறு பென்ஸைவிடப் பெரிதல்லாத வெள்ளிப் புள்ளி” என்று அவர் சொன்னபோது, உண்மையிலேயே அந்த அளவுடைய ஒரு பொருள் எங்காவது இருந்ததா? இல்லை. அங்கே இருந்தது பூமியைவிடப் பெரிய ஒரு நட்சத்திரமும், அது எப்படித் தெரிகிறது என்பதைச் சொல்ல நாம் எடுத்த ஓர் ஒப்பீடும் மட்டுமே. ஒப்பீட்டைப் பொருளாக்கியதுதான் பிழை. புரோட்டின் பென்னிக்கும் இதே பதில் பொருந்தும். சாய்ந்த பென்னி ஏன் நீள்வட்டமாகவே தெரிகிறது? ஏனென்றால் நிமிர்த்திப் பிடித்த ஒரு நீள்வட்டத் தகடு எந்தக் கோட்டில் கண்ணுக்கு எல்லை காட்டுமோ, சாய்ந்த வட்டமும் இங்கிருந்து அதே கோட்டில்தான் எல்லை காட்டுகிறது. இது பென்னியும் என் கண்ணும் இருக்கும் நிலையைப் பற்றிய வடிவகணித உண்மை. மனதுக்குள் இன்னொரு நீள்வட்டத்தை வைக்கத் தேவையில்லை. அதே இடத்தில் ஒரு கமெராவை வைத்தாலும் அது நீள்வட்டத்தைத்தான் பதியும்.

ஏயருக்கு மிகக் கடுமையான எதிர்ப்பு அவருடைய பல்கலைக்கழகத்திலிருந்தே வந்தது. ஜே. எல். ஒஸ்டின் அவரைவிடச் சில மாதங்கள் இளையவர். 1947இலிருந்து இந்த விடயத்தில் திரும்பத் திரும்ப விரிவுரை செய்தார். ஏயரின் நூலைப் பக்கம் பக்கமாக எடுத்து, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திக் கேள்வி கேட்பது அவருடைய பாணி. 1960இல், 48 வயதில், அவர் இறந்தார். விரிவுரைக் குறிப்புகளை ஜீ. ஜே. வொர்னொக் ஒழுங்குபடுத்தி 1962இல் நூலாக்கினார். ஜேன் ஒஸ்டின் என்ற புகழ்பெற்ற நாவலாசிரியையின் நாவல் பெயரை எதிரொலிக்கும் தலைப்பை ஜே. எல். ஒஸ்டினே தனது விரிவுரைக்கு வைத்திருந்தார்.

தடியைப் பற்றி ஒஸ்டின் கேட்டது எளிய கேள்வி. தண்ணீரில் இருக்கும் தடியைப் பார்க்கும்போது நாம் ஏமாறுகிறோமா? யார் ஏமாறுகிறார்கள்? நமக்குத் தண்ணீர் தெரிகிறது, தடி அதில் பாதி அமிழ்ந்திருப்பது தெரிகிறது. தண்ணீரில் நிற்கும் நேரான தடி எப்படித் தெரியுமோ அப்படியே தெரிகிறது. நேராகத் தெரிந்திருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும். நேரான ஒரு பொருள் எல்லா இடத்திலும் எல்லா நேரத்திலும் நேராகவே தெரிய வேண்டும் என்று நமக்கு யார் சொன்னது?

இன்னொரு உதாரணம்: ஒரு தேவாலயத்தைக் களஞ்சியம் போல வேடமிட்டு மறைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதைப் பார்த்தால் நாம் என்ன பார்க்கிறோம்? சடப்பொருள் அல்லாத ஒரு களஞ்சியத்தையா? இல்லை. களஞ்சியம் போலத் தெரியும் ஒரு தேவாலயத்தை. இரண்டாம் படி இந்த இடத்தில் உடைகிறது. “களஞ்சியம் போலத் தெரிகிறது” என்பதிலிருந்து “களஞ்சியமான ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது” என்பது வராது. அதேபோல “வளைந்து தெரிகிறது” என்பதிலிருந்து “வளைந்த ஒன்று இருக்கிறது” என்பதும் வராது.

நட்சத்திரத்துக்கு ஒஸ்டினின் பதில் இன்னும் சுருக்கமானது. “அந்தப் புள்ளி ஒரு மாபெரும் நட்சத்திரம்” என்று சொல்வதில் என்ன முரண்பாடு? ஒரே பொருளைப் பல விதமாக வர்ணிக்கலாம். ஒரு கதவை உதைத்தவன், “வர்ணம் பூசிய பலகையை உதைத்தேன்” என்றும் சொல்லலாம், “இன்னாருடைய வீட்டு முன்கதவை உதைத்தேன்” என்றும் சொல்லலாம். அதற்காக உதைப்பதில் இரண்டு கருத்து வந்துவிடாது. பார்ப்பதும் அப்படித்தான்.

ஒஸ்டின் கதையை முடித்துவிட்டாரா? இல்லை. நேர்மையாகச் சொன்னால் இரண்டு கடினமான இடங்கள் மிஞ்சுகின்றன.

முதலாவது, ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒன்றைக் காண்பது. கடும் காய்ச்சலில் கிடப்பவர் சுவரில் எலி ஓடுவதாகச் சொல்கிறார். அங்கே எலி போலத் தெரியும் வேறு பொருள் எதுவும் இல்லை. முடியும் இல்லை, தடியும் இல்லை. அப்போது அவர் காண்பது என்ன? “எலி போலத் தெரிந்த இன்னதை” என்று இங்கே சொல்லித் தப்ப முடியாது. புலன் தரவுக் கொள்கையின் பலமான கோட்டை இதுதான். ஒஸ்டின் மாயத்தோற்றமும் மனமருட்சியும் வேறு வேறு, இரண்டையும் ஒரே சாக்கில் கட்டாதீர்கள் என்று எச்சரித்தார். அது சரியான எச்சரிக்கை. ஆனால் மருட்சிக்கு அதுவே விளக்கமாகிவிடாது.

ஆனாலும் வழியின் தொடக்கத்தை அவர் காட்டினார். எலுமிச்சம்பழம் போலவே செய்த சவர்க்காரக் கட்டி ஒன்று இருக்கிறது. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. அதற்காக எலுமிச்சையும் சவர்க்காரமும் ஒரே சாமான் ஆகிவிடுமா? வித்தியாசம் தெரியவில்லை என்பது ஒன்று, வித்தியாசம் இல்லை என்பது வேறொன்று. நான்காம் படி இந்த இரண்டையும் கலந்துவிட்டது. 1967இல் ஜே. எம். ஹின்டன் என்பவர் இந்த வழியில் மேலும் நடந்தார். “எலியைக் காண்கிறேன் போலிருக்கிறது” என்று நான் சொன்னால், ஒன்றில் நான் எலியைக் காண்கிறேன், அல்லது காண்பதுபோன்ற ஒரு மயக்கத்தில் இருக்கிறேன். இரண்டுக்கும் பொதுவான ஒரு பொருள் நடுவில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அப்படியென்றால் மருட்சியை எப்படி விளங்கப்படுத்தினாலும், அந்த விளக்கம் நல்ல பார்வைக்குள் புகுந்து மேசையையும் நிலவையும் நம்மிடமிருந்து பறிக்காது. இன்றைய பாமர யதார்த்தவாதிகள் பலர் நிற்பது இந்த இடத்தில்தான். ஆனால் காய்ச்சல்காரர் அனுபவிப்பது என்ன என்று கேட்டால், அவர்களுடைய விடை இன்றும் மெலிவாகவே இருக்கிறது.

இரண்டாவது கடினமான இடத்துக்கு அதே நட்சத்திரம் திரும்பி வருகிறது. இன்றிரவு சிரியஸிலிருந்து நம் கண்ணுக்கு வரும் ஒளி 8.6 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. இன்று தரம் 10இல் இருக்கும் பிள்ளை அப்போது தரம் 1இல் இருந்தது. இன்னும் மிகத் தூரத்தில் உள்ள ஒரு நட்சத்திரம் இதற்கிடையில் அழிந்தே போயிருக்கலாம். இல்லாத ஒன்றை நேரடியாகப் பார்க்க முடியுமா? முடியாது, ஆகவே பார்ப்பது புலன் தரவைத்தான் என்று அந்தப் பக்கம் சொல்லும். என் பதில் இடிமுழக்கம்தான். மின்னல் வெட்டிச் சில விநாடிகள் கழித்து இடி கேட்கிறது. கேட்கும்போது அந்த வெடிப்பு முடிந்துவிட்டது. அதற்காக நான் கேட்டது இடியை அல்ல, என் தனிப்பட்ட ஓசையை என்று யாரும் சொல்வதில்லை. இடியைத்தான் கேட்டேன், சற்றுத் தாமதமாகக் கேட்டேன். நட்சத்திரத்தையும் அப்படியே தாமதமாகப் பார்க்கிறோம். ஆனால் இதை ஏற்றால் பாமர யதார்த்தவாதம் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும்: பார்ப்பதெல்லாம் இந்த நொடியில் அப்படியே இருக்கிறது என்ற எண்ணத்தை.

ஏயரும் சும்மா இருக்கவில்லை. 1967இல் ஒஸ்டினுக்குப் பதில் எழுதினார். ஒஸ்டின் பல பிழைகளைக் காட்டினாலும் அடிப்படைப் பிரச்சினை அப்படியே இருக்கிறது என்பது அவர் வாதம். “இது மேசை” என்று சொல்லும்போது, தொட்டால் கையில் படும், மற்றவர்களும் காண்பார்கள், நான் திரும்பினாலும் இருக்கும் என்றெல்லாம் சேர்த்தே சொல்கிறோம். ஒரு பார்வையில் இத்தனையும் கிடைப்பதில்லை. கிடைத்ததற்கும் சொன்னதற்கும் இடையில் ஓர் இடைவெளி இருக்கிறது. இதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கவனியுங்கள்: இது மீண்டும் தீர்ப்பைப் பற்றிய பேச்சு. இப்னுல் ஹைதம் மதிப்பீடு என்று சொன்ன இடமும், கஸ்ஸாலி தீர்ப்பு ரத்தாகிறது என்று சொன்ன இடமும் இதுதான். அந்த இடைவெளியை ஒப்புக்கொள்ள, நடுவில் ஒரு புதுப்பொருளைக் கொண்டுவந்து வைக்க வேண்டிய அவசியமில்லை.

அந்த மாணவனுக்கு நான் சொன்ன பதிலோடு முடிக்கிறேன். “அவர்கள் எதையோ பார்த்தார்கள் என்று நீ சொன்னது சரி. அந்த ‘எதையோ’ என்பது ஒரு நரைமுடி. அது பிறை போலத் தெரிந்தது. தீர்ப்புத்தான் தவறியது.”

அவன் விடவில்லை. “அது சரியெண்டு எப்படி சேர் தெரியும்?”

“இயாஸ் செய்ததைப் பார். அவர் அனஸ் (ரழி) அவர்களின் மனதுக்குள் இருந்த எதையும் தேடவில்லை. அப்படித் தேடவும் முடியாது. தன் கண்ணால் அந்த முடியைப் பார்த்தார், கையால் ஒதுக்கினார், திரும்பப் பார்க்கச் சொன்னார். ஒருவருடைய கண்ணுக்கு முன்னால் இருந்ததை இன்னொருவர் பார்க்கவும் தொடவும் அகற்றவும் முடிந்தது. அவர் கண்டது அவருக்கு மட்டுமே உரிய தனிப் பொருளாக இருந்திருந்தால், அதை அகற்ற இயாஸால் எப்படி முடிந்திருக்கும்?”

சற்று யோசித்துவிட்டு அவன் சொன்னான்: “ஆனா சேர், காய்ச்சல்காரருக்குத் தெரியிற எலிய யாராலயும் ஒதுக்க ஏலாதே.”

சரியாக அந்த இடத்தில் மணி அடித்தது. அதற்கான விடையை நானும் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். உங்களிடம் இருந்தால் கீழே எழுதுங்கள். அடுத்த முழுநிலவில் குற்றிச் சோதனையைச் செய்து பார்ப்பவர்கள், எத்தனை மீற்றரில் நிலவு சரியாக மறைந்தது என்பதையும் எழுதினால் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவேன்.